நெட்டையா, குட்டையா என்று கேட்ட அத்தான் எதற்கு என்று சொல்லவில்லை

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் ஊரிலுள்ள நிலத்தில் தென்னை வைக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்து, நெட்டை நல்லதா குட்டை நல்லதா என்று மட்டும் கேட்டிருந்தால், குழி வெட்ட ஆள் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்காவின் கணவருக்காக நான் அந்த வேலையில் இறங்கினேன். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. அதில் ஏறத்தாழ பாதி வீணாயிற்று. இரண்டு கோடைகள் கையைவிட்டுப் போயின. அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மாதங்கள் கணக்கில் சேராதவை.

ராஜாக்கமங்கலம் பக்கத்தில் அத்தானுக்கு ஒரு ஏக்கர் விளை உண்டு. பழைய மரங்கள் பட்டுப்போனதால் அவற்றை வெட்டி அகற்றியிருந்தோம். நிலத்தின் கிழக்குப் பாதி கிணற்றை ஒட்டி இருக்கிறது, மேற்குப் பாதி சற்று மேடான மணல்வாக்கு. வளைகுடாவிலிருந்து அவர் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "தம்பி, நெட்டையா குட்டையா, எது நல்லதுன்னு நாலு பேர்ட்ட கேட்டு நீயே வச்சிரு." எதற்காக வைக்கிறோம் அத்தான் என்று நான் திருப்பிக் கேட்டேன். "தென்னைதானடே, எதுக்குன்னு என்ன கேள்வி? நல்லதா பாத்து வை" என்று பதில் வந்தது. மறு வாரம் கேட்டபோதும் அதே பதில்தான். அக்காள் கணவரிடம் மூன்றாவது முறையும் அதையே கேட்டால் வேலை செய்யச் சோம்பல்படுகிறேன் என்று எடுத்துக்கொள்வார் என்பதால், அவர் சொன்னபடி நாலு பேரிடம் கேட்கப் புறப்பட்டேன்.

கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஈத்தாமொழிப் பக்கம் தலைமுறையாகத் தென்னை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நெட்டையைத் தவிர வேறு எதையும் தென்னை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் அந்தப் பெருமையும் அவர் பேச்சில் இருந்தது. எண்ணெய் மில் வைத்திருப்பவர், குட்டைக் காயைத் தன் களத்தில் காயப்போடவே இடம் கொடுக்கமாட்டேன் என்றார். எங்களுக்கு வழக்கமாகக் காய் வெட்டும் அண்ணனோ, மரம் ஏற ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் நெட்டை வைப்பது முட்டாள்தனம், குட்டை வைத்தால் அக்காவே தரையில் நின்று குலையை அறுத்துவிடுவாள் என்றார். கன்னியாகுமரி சாலையோரம் இளநீர் விற்பவர் செவ்விளநீருக்கு இணை கிடையாது என்று சத்தியம் செய்தார். நாற்றுப்பண்ணைக்காரர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, குட்டையையும் நெட்டையையும் கலந்த ஒட்டுக் கன்றுதான் நல்லது என்றார், அவரிடம் விலை அதிகமான கன்றும் அதுதான். எங்கள் ஊரில் ஒரே ஒருவர் மட்டும், வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எதற்கு வைக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியாது என்றதும், அப்படியானால் அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது யோசித்தால் அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. நோக்கம் சொல்லப்படாத கேள்வியில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பதில் சொல்பவர் தன்னை அறியாமலே அந்த இடத்தில் தன் நோக்கத்தை வைத்துவிடுகிறார். மில்காரர் கொப்பரையை மனத்தில் வைத்துப் பேசினார், காய் வெட்டுபவர் தன் முதுகையும் முழங்காலையும் வைத்துப் பேசினார், இளநீர்க்காரர் இனிப்பை வைத்துப் பேசினார். அந்தப் பதில்களைக் கூட்டி, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பார்ப்பதில் பொருளே இல்லை. ஏனென்றால் அவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

இந்த இரண்டு தென்னைகளையும் எதை வைத்து ஒப்பிடலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெட்டை மரம் காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் அறுபது, எழுபது ஆண்டுகள் நின்று பலன் தரும். ஒரு காயிலிருந்து சராசரியாக 150 கிராம் கொப்பரை கிடைக்கும். பருப்பு தடிப்பாக இருக்கும், காய்ந்தால் ஓசை வரும்படி கெட்டிப்படும். குட்டை மரம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பாளை விடும். ஆனால் கொப்பரை காய்க்கு 100 கிராம் அளவில்தான் இருக்கும், அதுவும் தோல் போல வளையும். ஆயிரம் நெட்டைக் காயில் 150 கிலோ கொப்பரை வந்தால் அதிலிருந்து 90 கிலோவுக்குச் சற்று மேல் எண்ணெய் எடுக்கலாம். அதே ஆயிரம் குட்டைக் காயில் 60 கிலோவை எட்டினாலே பெரிது. ஆகவே எண்ணெய்க்கு என்றால் இது போட்டியே இல்லை.

அதே இரண்டையும் இளநீருக்கு என்று வைத்துப் பாருங்கள், கணக்கு அப்படியே புரண்டுவிடும். இளநீருக்குக் கொப்பரை எடை தேவையே இல்லை. பாளை வெடித்து ஏழு, எட்டு மாதத்தில் காயை இறக்கிவிடுவதால், முற்றுவதற்கு ஆகும் மீதி நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. செவ்விளநீர்க் குட்டையில் காய்க்குச் சுமார் 350 மில்லி நீர் இருக்கும், இனிப்பும் கூடுதல். குலை கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் முதல் பல ஆண்டுகளுக்கு மரமேறும் கூலி இல்லை. ஆனால் குட்டைக்குக் கோடையில் தண்ணீர் தவறக்கூடாது, தவறினால் குரும்பை கொட்டிவிடும். ஒரு ஆண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறைத்துக் காய்க்கும் குணமும் அதற்கு உண்டு. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் அதைத்தான் எளிதில் சாய்க்கும். தினமும் ஒரு கண் அதன்மேல் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நிலத்தில் இது சிறிய விஷயம் இல்லை. ஒட்டுக் கன்று நடுவில் நிற்கும். நாலைந்து ஆண்டில் காய்க்கும், கொப்பரையும் பரவாயில்லை, ஆனால் உரமும் நீரும் குறைந்தால் இரண்டு பெற்றோரின் நல்ல குணமும் வெளிப்படாது.

ஆக, எது நல்லது என்பதற்கு எண் உண்டு, ஆனால் எந்த எண்ணைப் பார்ப்பது என்பதை நோக்கம்தான் சொல்ல வேண்டும். அத்தான் அதைச் சொல்லாததால், ஊர் வழக்கப்படி நெட்டை வைப்பது என்று முடிவானது. ஊரே வைப்பதை வைத்தால் நாளை யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்பதுதான் அந்த முடிவின் பின்னால் இருந்த நியாயம்.

இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது குழிகள். மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் வெட்டி, அடியில் தேங்காய் உரித்த கதம்பையை இரண்டு வரிசை அடுக்கி, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து பாதிக்கு மேல் நிரப்பி வைத்தோம். கன்று ஒன்று 90 ரூபாய் வீதம் 6,300 ரூபாய். குழிக்கு 200 வீதம் 14,000. உரமும் நிரப்பும் வேலையும் குழிக்கு 100 வீதம் 7,000. ஓலை வைத்து நிழல் கட்டியது, இரண்டு கோடையும் தண்ணீர் விட்டது, களை எடுத்தது ஆகியவற்றுக்கு 24,000. மொத்தம் 51,300 ரூபாய். அத்தான் அனுப்பியது 30,000, மீதி 21,300 என் கையிலிருந்து போனது. விடுமுறைக்கு வரும்போது கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

விடுமுறைக்கு வந்த அத்தான் விளையைச் சுற்றிப் பார்த்தார். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து, பிரிந்த ஓலைகளோடு நன்றாகவே நின்றன. அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல இளநி எப்ப வெட்டலாம்?" என்பதுதான். இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்றதும் முகம் மாறியது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இன்னும் இரண்டு ஆண்டில் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறார். சுற்றுலாப் பயணிகள் போகும் சாலையில் அவருடைய நண்பருக்கு இடம் இருக்கிறது. அங்கே சொந்தத் தோட்டத்து இளநீரை வைத்து ஒரு கடை போடுவது அவருடைய திட்டம். முதல் குரல் பதிவை அனுப்பும் முன்பே அந்தத் திட்டம் அவர் மனத்தில் இருந்திருக்கிறது. எண்ணெயைப் பற்றி அவர் ஒருநாளும் நினைத்ததே இல்லை. இளநீருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று நான் கேட்டேன். நல்ல தென்னை என்றால் அதில் எல்லாம்தானே அடங்கும் என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அக்கா அவர் பக்கம் பேசினாள். என் 21,300 ரூபாயைப் பற்றி அந்தச் சமயத்தில் வாய் திறக்க முடியவில்லை, இன்றுவரை திறக்கவும் இல்லை.

அவர்மேல் வருத்தம் இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் நோக்கத்தை மறைப்பதில்லை. அது தனக்கு அவ்வளவு தெளிவாக இருப்பதால், எதிரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். அதனால்தான் எதற்கு என்று நேரடியாகக் கேட்டால் பதில் வருவதில்லை. பதில் வரவேண்டுமானால் கேள்வியை வேறு விதமாக வைக்க வேண்டும். முதல் பணம் எந்த ஆண்டு கையில் வரவேண்டும் என்று கேட்டிருந்தால் அத்தான் மூன்று, நான்கு ஆண்டில் என்று சொல்லியிருப்பார், அந்த ஒரு பதிலிலேயே நெட்டை கழிந்திருக்கும். காயை வாங்கப்போவது யார், மில்காரரா, காய் வியாபாரியா, வழியில் போகிறவரா என்று கேட்டிருந்தால் கடை விஷயம் அப்போதே வந்திருக்கும். கோடையில் தண்ணீர் விடப்போவது யார், காய் இறக்கப்போவது யார் என்ற கேள்விகளும் அப்படித்தான். எதற்கு என்றால் எரிச்சல்படுகிறவர்கள்கூட எப்போது, யார், எவ்வளவு என்று கேட்டால் தடையில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். வாழையிலும் இதையே பார்க்கலாம். நேந்திரனா மட்டியா என்று நம் ஊரில் யாராவது கேட்டால், வறுப்பதற்கா குழந்தைக்குக் கொடுப்பதற்கா என்று தெரியாமல் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். தென்னை என்று வந்ததும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது.

இவ்வளவு கேட்டும் பதில் வராவிட்டால், தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு வரியாக எழுதி அனுப்பிவிடுவது நல்லது. இளநீருக்கும் சீக்கிர வருமானத்துக்கும் என்றால் குட்டை, ஆனால் தண்ணீரும் ஆளும் வேண்டும். எண்ணெய்க்கும் வீட்டுக் கறிக்கும் நீண்ட காலத்துக்கும் என்றால் நெட்டை, ஆனால் ஏழு ஆண்டு பொறுக்க வேண்டும். இதில் எந்த வரி உங்களுடையது என்று கேட்டு, பதில் வரும்வரை பணம் செலவழிக்காமல் இருக்க வேண்டும். தன் வரியைப் படித்ததும் மனத்தில் இருப்பதை அவரே சொல்லிவிடுவார். குரல் பதிவில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். பிறகு யார் என்ன சொன்னார் என்ற சண்டையாவது மிஞ்சாது.

நட்டதை என்ன செய்வது என்பதுதான் அடுத்த சிக்கல். எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்று அத்தான் கோபத்தில் சொன்னார். ஓய்வு பெற்ற அந்த வேளாண்மைத் துறைக்காரரிடம் மறுபடியும் போனேன், இந்த முறை பதிலோடு. கடைக்கு இளநீர், கிணற்றுப் பக்கம் பாதி ஏக்கரில் மட்டும் கோடையிலும் நீர் உண்டு, வீட்டில் எப்போதும் இருப்பது அக்கா ஒருத்திதான் என்று சொன்னதும், தேநீர் ஆறும் முன் அவர் வழி சொல்லிவிட்டார். மேற்கு மேட்டில் கோடையில் குட்டை தாங்காது, அங்கே நிற்கும் நெட்டை அப்படியே நிற்கட்டும், பின்னால் வீட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகும். கிணற்றுப் பக்கத்து முப்பத்தைந்து நெட்டையை எடுத்துவிட்டு, இருபத்திரண்டு அடி இடைவெளியில் நாற்பத்தைந்து செவ்விளநீர்க் குட்டை வைக்கலாம் என்றார். நெட்டைக்கு நடுவே குட்டையை ஊடாக வைத்தால் என்ன என்று அத்தான் கேட்டார். நெட்டை ஓங்கியதும் நிழலில் குட்டை நோஞ்சானாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். பிடுங்கிய கன்றுகளை இலவசமாகத் தருகிறேன் என்றும் யாரும் எடுக்கவில்லை. அந்த வயதுக் கன்றை வேர் அறுத்துப் பெயர்த்து நட்டுப் பிழைக்க வைப்பது கன்று விலையைவிடச் செலவு பிடிக்கும்.

குட்டைக் கன்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை எனக்குச் சொல்லித் தந்தவரும் அந்த வேளாண்மைத் துறைக்காரர்தான். செவ்விளநீர்க் கன்றில் ஓலை மட்டையின் அடிப்பகுதி ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். தவிட்டு நிறமாகவோ பச்சையாகவோ இருந்தால், தாய் செவ்விளநீராக இருந்தாலும் பக்கத்து நெட்டையின் மகரந்தம் விழுந்து கலந்துவிட்டது என்று அர்த்தம். அது கெட்ட கன்று இல்லை, சிலர் அதைத்தான் தேடி வாங்குவார்கள், ஆனால் இளநீர்க் கடைக்கு நான் தேடிய கன்று அது அல்ல. நாற்றுப்பண்ணையில் கன்றுகளை வரிசையாக வைத்து நான் ஒவ்வொரு மட்டையையும் விரலால் விலக்கிப் பார்த்தபோது, எடுத்து வைத்திருந்தவற்றில் நான்கைந்து தவிட்டு நிறத்தில் இருந்தன. நல்லதுதான் சார், இன்னும் வீரியமாக வரும் என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். எதற்கு வீரியம் என்று கேட்டுவிட்டு, ஆரஞ்சு மட்டையாக மாற்றி வாங்கினேன். அதோடு கழுத்துப் பருமன் நான்கு அங்குலமாவது இருக்கிறதா, ஆறு ஓலைகளாவது விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கன்று 250 ரூபாய் வீதம் 11,250 ஆனது, இந்த முறை பணம் முன்கூட்டியே என் கணக்கில் வந்துவிட்டது.

குட்டைகள் இப்போது வேர் பிடித்துவிட்டன. அத்தான் திரும்பிப் போகும் முன், காகிதத்தில் கேள்விகளை எழுதி அவர் கையில் கொடுத்தேன். கடைக்கு நாளொன்றுக்கு எத்தனை காய் வேண்டும், மழைக்காலத்தில் விற்காத காயை என்ன செய்வது, ஒரு ஆண்டு காய்ப்பு குறைந்தால் வெளியே வாங்குவாரா, கடையில் அவர் உட்கார்ந்தால் விளையைப் பார்ப்பது யார் என்று நான்கு கேள்விகள். முதல் மூன்றுக்கும் போன வாரம் பதில் எழுதி அனுப்பினார். நாலாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. மேற்குப் பக்கத்தில் பட்டுப்போன இரண்டு நெட்டைக் கன்றுகளுக்குப் பதில் என்ன வைப்பது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது என்பதால், அந்தக் குழிகளை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.